ஏழரை கிராம்

என் கணவருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? ஒங்க நகை வர்ற வெள்ளிக்கிழம ஏலத்துக்குப் போகுதுங்க சார்" என்று சொன்னாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆன மனிதரிடம் சொல்லத் தகுந்த செய்திதான். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு தொலைபேசியை என்னிடம் நீட்டினார். வீட்டில் சங்கடமான விஷயம் எது வந்தாலும் அது என் கைக்கு வருவது வழக்கம்.

அந்த நகை என்னுடையது அல்ல, அவருடையதும் அல்ல. போலகத்தில் இருக்கும் அவருடைய அக்காவின் தாலிச் சங்கிலி. எட்டு மாதத்துக்கு முன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னபோது, நான் என் வளையல்களைக் கழற்றத்தான் போனேன். என் நாத்தனார் விடவில்லை. "நீ ஆபீசுக்குப் போறவ. மொட்டக் கையோட போயி நின்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நான் வயல்ல நிக்கிறவ, என்னைய யாரு பாக்கப்போறா" என்று சொல்லிவிட்டு, காரைக்காலில் ஒரு தனியார் நகைக்கடன் கம்பெனியில், தம்பியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, தன் பெயரில் சங்கிலியை வைத்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்தார். மாதம் பிறந்தால் வட்டிக்கான இரண்டாயிரத்து நானூறு ரூபாயை என் கணவர் அக்காவிடம் கொடுத்துவிடுவார். மீதியெல்லாம் அக்காவே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ரசீதை ஒருநாளும் எங்களிடம் காட்டியதில்லை. கேட்டால், "ஏன், நான் தின்னுடுவேன்னா?" என்பார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.

ஆக, வட்டி மாதாமாதம் போயிருக்க வேண்டும். ஏலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அன்று இருட்டுவதற்குள் ஸ்கூட்டரில் போலகம் போய்ச் சேர்ந்தேன். கணவரைக் கூட்டிப்போகவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்தால் அழ ஆரம்பித்துவிடுவார்கள், வேலை நடக்காது. என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அவரிடம் பாதி பயம், பாதி எரிச்சல். அவருக்கு என்னிடம் முழு எரிச்சல்.

"அண்ணி, வட்டி கட்டினீங்களா இல்லையா?"

"கட்டல" என்றார். அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு மாசமுமா?"

"ஒரு மாசமும்தான். எதுக்குக் கட்டணும்? ஏழர கிராமு தங்கத்தத் திருடிட்டு, வட்டியும் வாங்கிக்குவானுங்களா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடகு வைப்பதற்கு முந்தின வருஷம் சங்கிலியின் கொக்கி விட்டுப்போய், பத்தரிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தாராம். பத்தர் எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: நாற்பத்தேழு கிராம் இருநூறு மில்லி. ஆறு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி ரசீதிலோ நிகர எடை முப்பத்தொன்பது கிராம் அறுநூறு மில்லி. அதை வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்த நாளிலேயே அவருக்கு உறுதியாகிவிட்டது. ஏழு கிராம் அறுநூறு மில்லியைக் கம்பெனிக்காரர்கள் உருவிவிட்டார்கள். வட்டி கட்டினால் அந்த எடையை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று கட்டவில்லை. நாங்கள் கொடுத்த வட்டிப் பணம் முழுவதும் ஒரு பிஸ்கட் டப்பாவில் நோட்டு கலையாமல் இருந்தது. வக்கீலுக்கு ஆகும் என்று வைத்திருந்தாராம். கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தபோதும், கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தில் கால்வாசியை எடுத்துக்கொண்டிருந்தால் கடனே தீர்ந்திருக்கும்.

"சும்மா விடலை. சனிக்கிழம சனிக்கிழம திருநள்ளாறு போயி எள்ளு வெளக்கு போடுறேன், அந்தக் கம்பெனியச் சனி புடிக்கணும்னு" என்றார்.

சனி பகவான் விலாசம் மாறிப் போயிருக்க வேண்டும். ரசீதை வாங்கி விளக்கடியில் வைத்துப் படித்தேன். நான் பொதுப்பணித் துறையில் எழுத்தர். சிமெண்டு மூட்டைக்கும் ஜல்லிக்கும் டெண்டர் நிபந்தனை படித்துப் பழகிய கண் என்னுடையது. நகைக்கடன் ரசீது அதைவிடச் சுருக்கம்தான், எழுத்து மட்டும் பொடி.

மொத்த எடை நாற்பது கிராம் நூறு மில்லி. கழிவு ஐந்நூறு மில்லி. நிகர எடை முப்பத்தொன்பது அறுநூறு. தரம் இருபத்தொரு காரட். அதை இருபத்திரண்டு காரட்டுக்குச் சரிக்கட்டி, முப்பத்தேழு கிராம் எண்ணூறு மில்லி என்று எடுத்திருந்தார்கள். கிராமுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு வீதம் மதிப்பு மூன்று லட்சத்து இருபத்தோராயிரத்து முந்நூறு. அதில் முக்கால் பங்குக்குள் கடன். பெருக்கிப் பார்த்தேன், சரியாகவே வந்தது. அதன் கீழே வட்டி. மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம். மூன்று மாதத்துக்குமேல் பாக்கி விழுந்தால், கடன் வாங்கிய முதல் நாளிலிருந்தே கணக்கிட்டு இருபத்துநான்கு சதவீதம். அதற்கும் கீழே, கடன் காலம் ஆறு மாதம். தவணை தாண்டினால் பதிவுத் தபாலில் அறிவிப்பு, பிறகு செய்தித்தாளில் விளம்பரம், பிறகு ஏலம். அறிவிப்பை வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே கருதப்படும். ஏலம் விட்டு மிச்சம் வந்தால் நமக்கு, குறைந்தால் நாம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் என் நாத்தனாரின் அழகான கையெழுத்து.

"அண்ணி, வட்டி ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. பத்தொன்பதாயிரத்து எரநூறு கட்ட வேண்டிய எடத்துல இப்ப முப்பத்தெட்டாயிரத்து நானூறு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் செய்யலைன்னா சங்கிலி கெடையாது. உருக்கிடுவாங்க."

முறம் நின்றது. அந்தச் சங்கிலி அவருடைய கல்யாணத்துக்கு அவர் அப்பா ஒரு வேலி நிலத்தில் பாதியை விற்றுப் போட்டது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கதையை நான் மாதம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் முகம் வெளிறிப் போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு உட்கார்ந்து காபி குடிப்பதற்குக் கொடுத்த விலை அந்தச் சங்கிலி.

ஆனாலும் என் நாத்தனார் என் நாத்தனார்தான். "ஏழர கிராமுக்குப் பதில் சொல்லட்டும். பொறவு கட்டுறேன்" என்றார்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு கம்பெனிக்குப் போனேன். வாசலிலேயே ஏலப் பட்டியல் ஒட்டியிருந்தது. கடன் எண்ணை வைத்துத் தேடினால் எங்களுடையது நடுவில் இருந்தது. மேலாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். நாள் முழுவதும் பிறர் கோபத்தைக் கேட்டுக் கேட்டு முகத்தில் எதுவும் ஓடாதபடி பழகியவர். நகையை எங்கள் எதிரில் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்றோம். எழுதிக் கொடுங்கள் என்றார், எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் இரண்டு சாவி போட்டுப் பெட்டகத்தைத் திறந்து முத்திரையிட்ட உறையைக் கொண்டுவந்தார்கள். கேமராவுக்கு நேரே வைத்துக் கிழித்து, சங்கிலியைத் தராசில் போட்டார்கள்.

நாற்பது கிராம் நூறு மில்லி. ரசீதில் உள்ளபடியே.

"இதுல ஐந்நூறு மில்லி எங்க போச்சு?" என்றார் நாத்தனார்.

மேலாளர் சங்கிலியின் முகப்பைத் திருப்பிக் காட்டினார். "இந்தச் செவப்புக் கல்லும் அடியில இருக்குற அரக்கும்ங்க. அதுக்குக் கழிச்சுட்டுத்தான் தங்கம் எவ்வளவுன்னு எழுதுவோம். கல்லு ஒங்களுக்குத்தான் திரும்பி வரும், நாங்க எடுத்துக்கறதில்லை."

"எங்கப்பா அசல் பவுனுல பண்ணுனாரு. அது என்ன இருவத்தொண்ணு?"

"பழைய நகைங்கம்மா. பத்த வச்ச எடம் நெறய இருக்கு. ஒரசிப் பாத்தா அதான் வருது."

அதைக்கூட நாத்தனார் மன்னித்துவிட்டார். "மிச்சம் ஏழு கிராமு?" என்று பத்தர் சீட்டை மேஜையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சங்கிலியைப் பார்த்தேன். வெறும் சங்கிலி, அதில் ஒரு முகப்பு. வேறொன்றும் இல்லை. அப்புறம் என் பார்வை நாத்தனாரின் கழுத்துக்குப் போனது. ரவிக்கைக்குள் இறங்கிய மஞ்சள் கயிறு.

சங்கிலியை அடகு வைக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தாலியை அடகு வைப்பதில்லை. நல்ல நேரம் பார்த்து, சாமி படத்துக்கு முன் தாலியையும் குண்டுகளையும் லட்சுமிக் காசையும் சங்கிலியிலிருந்து எடுத்து, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, வெறும் சங்கிலியை மட்டும்தான் கடைக்கு எடுத்துப் போவார்கள். என் நாத்தனாரும் அப்படித்தான் செய்திருக்கிறார். பத்தரிடம் கொடுத்தபோது மட்டும் மொத்தமாகக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணி, பத்தர் எடை போட்டப்ப தாலியும் சேந்துதான இருந்துச்சு?"

"ஆமா."

"இப்ப அது எங்க இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு. வேற எங்க இருக்கும்?"

"அப்ப அந்த எடை?"

அவர் என்னை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தாலிய யாராச்சும் நகைக் கணக்குல சேப்பாங்களா?" என்றார்.

எட்டு மாதம் அவர் கம்பெனியைத் திட்டியதும், வட்டியை நிறுத்தியதும், எள் விளக்குப் போட்டதும் இதற்காகத்தான். காணாமல் போன தங்கம் மொத்தமும் அவர் நெஞ்சின்மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது தங்கம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மேலாளருக்கும் வந்திருக்கும். அவர் ஒரு பேனாவைத் தேடினார்.

ஆனால் சொன்னதும் நம்பிவிடுகிறவர் இல்லை என் நாத்தனார். எடை போட்டுக் காட்ட வேண்டும். எடை போடத் தாலியைக் கழற்ற வேண்டும். வேறொரு கயிறு கழுத்தில் ஏறாமல் இருக்கிற கயிற்றைக் கழற்ற முடியாது. கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வேண்டும். நான் கடைவீதிக்கு ஓடி இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தபோது நாத்தனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை, மணி பன்னிரண்டு. ராகு காலம் தொடங்கிவிட்டது.

"ஒண்ணரைக்கு மேல பாத்துக்கலாம்" என்றார்.

மேலாளர் சங்கிலியை நாத்தனார் கண்ணெதிரில் ஒரு தட்டில் வைத்து, காவலுக்கு ஒரு பெண் ஊழியரையும் வைத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடப் போனார். நாங்கள் அந்தத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். என் விடுப்பு முழுநாளாக மாறியது.

ஒன்றரை தாண்டியதும் அந்தப் பெண் ஊழியர் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப் போனார். மஞ்சள் கிழங்கு கட்டிய புதுக் கயிற்றை நான்தான் நாத்தனார் கழுத்தில் பிடித்தேன். முடிச்சை அவரே போட்டுக்கொண்டார். பிறகு பழைய கயிற்றைக் கழற்றி, தாலி, குண்டு, காசு ஒவ்வொன்றாக உருவி என் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு சுத்தமாகப் போயிருந்தது.

தராசில் ஏழு கிராம் தொண்ணூறு மில்லி காட்டியது. நாற்பது கிராம் நூறு மில்லியோடு கூட்டினால் நாற்பத்தேழு கிராம் நூற்றுத் தொண்ணூறு. பத்தர் சீட்டுக்குப் பத்து மில்லி குறைவு.

"பாத்தியா" என்றார் நாத்தனார் என்னிடம், தாழ்ந்த குரலில். "பத்து மில்லி எடுத்துருக்கானுங்க."

"அது மஞ்சளும் அழுக்கும் போயிருக்கும் அண்ணி."

"இருக்கும், இருக்கும்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

தாலியை மறுபடி கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, மேலாளரின் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு பிஸ்கட் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, "இதுல பத்தொன்பதாயிரத்து எரநூறு இருக்குங்க. மிச்சத்த நெல்லு போட்டதும் தரேன். ஏலத்துல விட்டுடாதீங்க" என்றார். கெஞ்சுகிற குரல். எப்போதும் வீட்டில் எல்லோரையும் வைகிற வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

மேலாளர் நேராகவே பதில் சொன்னார். ஏலம் தொடங்குகிற வரைக்கும் மீட்கலாம். வட்டியை முழுதும் கட்டினால் மறு அடகாகப் புதுப்பிக்கலாம். பாதி வட்டிக்கு மட்டும் வழியில்லை. அவர் கையில் அதிகாரம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மொத்தமா மீட்டுடறோம்" என்றேன். "நாளைக்கு."

"எதை வச்சு?" என்றார் நாத்தனார்.

நான் வளையல் போட்ட கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தெருவுக்கு வந்ததும் சண்டை பிடித்தார். ஆபீசில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பழைய பாட்டையே பாடினார். "பேசட்டும் அண்ணி. பொதுப்பணித் துறையில வேற வேலை என்ன இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் நாலு வளையல்களையும் வைத்தேன். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, எடை போட்டு, ரசீது வந்தது. நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதை வாங்கினார். விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார்.

"மொத்த எடையும் நிகர எடையும் ஒண்ணா இருக்கு. கழிவு போடலையா?"

"கல்லு இல்லாத வளையல்ங்க" என்றார் அதிகாரி.

"தரம்?"

"இருவத்திரண்டு. ஹால்மார்க் முத்திரை இருக்கு."

"கிராமு என்ன வெலைக்குப் போட்டிருக்கீங்க? வட்டி ஒம்போதுன்னு போட்டிருக்கு, பாக்கி விழுந்தா எவ்வளவு ஏறும்? மொதல் நாள்லேருந்தா, பாக்கி விழுந்ததுலேருந்தா?"

அதிகாரி பொறுமையாகச் சொன்னார். பாக்கி விழுந்த தொகைக்கு மட்டும்தான் அபராத வட்டி, கடன் காலம் பன்னிரண்டு மாதம். நாத்தனார் கடைசி வரிக்கு வந்தார்.

"ஏலத்துக்கு முன்னாடி சொல்லுவீங்களா?"

"பதிவுத் தபால் வரும்ங்கம்மா."

"தபால்காரர் வந்தா இவ வாங்கிக்குவா" என்றார் மிகவும் கண்டிப்பாக. பிறகுதான் என் கையை விட்டார்.

இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என் கணக்கில் ஏறியது. டப்பாப் பணத்தையும் அதே கணக்கில் போட்டு, கம்பெனிக்கு இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து நானூறு அனுப்பினேன். சங்கிலி வந்தது. தராசில் போட்டுக் காட்டினார்கள், வாங்கிக்கொண்டோம். நாத்தனார் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து ஏறிப் போனார். நன்றி என்றெல்லாம் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பட்ட கடன் எங்களுடையதுதானே.

அடுத்த மாதம் முதல் தேதி, நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து நின்றார். தாலி சங்கிலிக்கு ஏறியிருந்தது. பையிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். வங்கிக்கான ஒரு மாத வட்டி, சரியாகக் கணக்குப் பண்ணியிருந்தார்.

"இது எங்க கடன் அண்ணி. நீங்க எதுக்குக் குடுக்கறீங்க?"

"பேசாம வாங்கு" என்றார்.

"வேண்டாம் அண்ணி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன் கையப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்.

பணத்தை வாங்கிக்கொண்டேன். அவர் எதிரிலேயே போனில் வட்டியைக் கட்டினேன். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து, அதை நான் வாய்விட்டுப் படிக்கும் வரை அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.